கதவே, மூடப்படு!

லண்டனில் குளிர் அடிக்கும். கதவு திறந்து கிடந்தால் வீட்டில் யாராவது ஒருவர் "குளோஸ் தி டோர்" என்பார். இன்னொருவர் எழுந்து போய் மூடுவார். அவ்வளவுதான். "லெட் தி டோர் பி குளோஸ்டு" என்று அங்கே ஒருவர் சொன்னால், கதவை விட்டுவிட்டு அவருடைய உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

அந்த வாக்கியம் நம்மிடம் பத்திரமாக இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து அதை உருப்போடுகிறார்கள். டியூஷன் வாத்தியார் அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார். கைடு போடுகிறவர் கட்டம் கட்டி, கட்டத்துக்குள் நட்சத்திரமும் போடுகிறார். பொதுத்தேர்வில் வாய்ஸ் மாற்றும் கேள்விக்கு 2 மதிப்பெண். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வின் முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2 மதிப்பெண் தருகிறார்கள். தவறாக எழுதினால் அரை மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். அரை மதிப்பெண்ணில் வேலையைப் பறிகொடுத்தவர்களால் நிறைந்த நாடு இது.

கேள்வித்தாளை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். மேலே "சேஞ்ச் தி வாய்ஸ்" என்று போட்டிருக்கும். சுத்தமான கட்டளை வாக்கியம். அதைத் தயாரித்த பேரறிஞர் தன் சொந்த வேலைக்கு "லெட் தி வாய்ஸ் பி சேஞ்சுடு" என்று எழுதுவதில்லை. "ஆன்சர் ஆல் தி கொஸ்டின்ஸ்" என்கிறார், "ஃபில் இன் தி பிளாங்க்ஸ்" என்கிறார். பிள்ளைக்கு விதித்ததைத் தான் தொடுவதில்லை. ஊருக்கு உபதேசம்.

சூத்திரம் என்ன என்று பார்ப்போம். கட்டளை வாக்கியமா? முதலில் 'லெட்' போடு. அடுத்து செயப்படுபொருள். அடுத்து 'பி'. கடைசியில் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம். "ஓப்பன் தி பாக்ஸ்" என்பது "லெட் தி பாக்ஸ் பி ஓப்பன்டு" ஆகிவிடும். வாக்கியத்தில் 'பிளீஸ்' இருந்தால் சூத்திரம் வேறு. "யூ ஆர் ரிக்வெஸ்டட் டு" என்று ஆரம்பித்து மிச்சத்தை அப்படியே ஒட்டு. 'டோன்ட்' இருந்தால் 'லெட்'டுக்குப் பின்னால் எங்கேயாவது ஒரு 'நாட்'டைச் செருகு. எங்கே என்று கேட்காதே. 'லெட் நாட் தி பாக்ஸ்' என்று ஒரு கைடு சொல்கிறது, 'லெட் தி பாக்ஸ் நாட்' என்று இன்னொன்று. திருத்துகிறவர் எந்தக் கைடு படித்தவரோ, அவர்தான் உன் விதி.

பொம்மலாட்டம் போல வேலை செய்கிறது. நூலை இழுத்தால் வாக்கியம் கை தூக்குகிறது. உள்ளே உயிர் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நாம் பார்த்துவிடுவோம்.

செயப்பாட்டு வினை என்றால் என்ன? செயலுக்கு ஆட்பட்ட பொருள் எழுவாய் இடத்துக்கு வந்து உட்காரும். செய்தவர் பின்னால் போவார், அல்லது காணாமல் போவார். "முருகன் கதவை மூடினான்" என்பது "கதவு முருகனால் மூடப்பட்டது" ஆகும். முதலில் எழுவாய் முருகன், பிறகு எழுவாய் கதவு. இதில் தகராறு இல்லை.

இப்போது கட்டளைக்கு வருவோம். கட்டளை வாக்கியத்தின் எழுவாய் யார்? எதிரே நிற்கிற ஆள். 'நீ' என்பது வெளியே தெரியாது, ஆனால் அங்கே நிற்கிறது. கட்டளையை வாங்கிக்கொள்கிறவனே அதன் எழுவாய். எழுவாய் இடத்துக்குக் கதவைக் கொண்டுவந்தால் கட்டளையை வாங்கிக்கொள்ளப்போவது யார்? கதவு! விதியை நேர்மையாகப் பின்பற்றினால் கிடைக்கும் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். "கதவே, மூடப்படு!"

கதவு காது கேளாதது. அதனால்தான் ஆங்கிலத்தில் "குளோஸ் தி டோர்" என்பதற்கு நேரான செயப்பாட்டு வடிவம் கிடையாது. ஒளித்து வைக்கவில்லை. இல்லவே இல்லை. இல்லாததை எழுதச் சொல்லி 2 மதிப்பெண் தருகிறோம்.

ஆங்கிலத்தில் செயப்பாட்டுக் கட்டளை அறவே இல்லையா? இருக்கிறது. கொஞ்சம்தான் இருக்கிறது, ஆனால் அசலானது. "டோன்ட் பி ஃபூல்டு" என்பார்கள், ஏமாந்து போகாதே என்று. "பி வார்ன்டு" என்பார்கள். கொரோனா காலத்தில் "கெட் வாக்சினேட்டடு" என்று உலகம் முழுக்கச் சுவரில் ஒட்டினார்கள். இவற்றில் எல்லாம் ஒரு ஒற்றுமை உண்டு. ஊசி யாருக்குப் போடப்படப்போகிறதோ, அவரிடமேதான் பேச்சு. ஏமாறக்கூடியவரிடமேதான் எச்சரிக்கை. செயலுக்கு ஆட்படுகிறவரும் கட்டளையைக் கேட்கிறவரும் ஒரே ஆளாக இருந்தால் வாக்கியம் உயிரோடு நிற்கும். கதவும் பெட்டியும் ஜன்னலும் அந்தத் தகுதி பெறவில்லை.

இந்த உயிருள்ள வாக்கியங்கள் பாடத்தில் வருகின்றனவா? அவற்றைச் 'செய்வினை'யாக மாற்றச் சூத்திரம் இல்லை. சூத்திரம் இல்லாததைத் திருத்த முடியாது. திருத்த முடியாததைக் கேட்க முடியாது. கேட்காததை எதற்கு நடத்த வேண்டும்?

அப்படியானால் "லெட் தி டோர் பி குளோஸ்டு" என்பது தப்பான ஆங்கிலமா? இல்லை. இலக்கணச் சுத்தமான வாக்கியம்தான். ஆனால் அது வேறு ஒரு வாக்கியம். அதன் தலைவினை 'லெட்'. அது செய்வினையாகவே கம்பீரமாக நிற்கிறது. மூடுவது மட்டும் உள்ளே போய்ப் படுத்துவிட்டது. அர்த்தமும் போய்விட்டது. "கதவை மூடு" என்றால் நீ மூட வேண்டும், இப்போது மூட வேண்டும். "கதவு மூடப்படட்டும்" என்றால் யார் மூடுவது? நீயா, நானா, காற்றா? போதாக்குறைக்கு, கதவு ஏற்கெனவே மூடித்தானே இருக்கிறது, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் அதைப் படிக்கலாம்.

பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டிருந்தால் அரை நிமிஷத்தில் வழக்கை முடித்திருப்பார். நம் இலக்கணத்தில் இதற்கு இரண்டு தனித்தனி அறைகள் உண்டு. ஏவல் ஒன்று, வியங்கோள் ஒன்று. ஏவல் முன்னிலைக்கு மட்டும் உரியது. எதிரே இருப்பவனை ஒரு வேலை செய்யச் சொல்வது. வியங்கோள் தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் பொது. வாழ்த்தும் சாபமும் வேண்டுகோளும் அதில் அடக்கம். வாழ்க என்பதும் ஒழிக என்பதும் அங்கேதான் குடியிருக்கின்றன. "குளோஸ் தி டோர்" ஏவல். "லெட் தி டோர் பி குளோஸ்டு" வியங்கோள். நம் பிள்ளை தேர்வு அறையில் செய்தது வாய்ஸ் மாற்றம் அல்ல. ஒரு வேலையை ஆசீர்வாதமாக மாற்றியிருக்கிறான். கதவு மூடப்படுவதாக, ஆமென்.

'பிளீஸ்' வாக்கியம் இதைவிடப் பெரிய மோசடி. "பிளீஸ் குளோஸ் தி டோர்" என்பதற்கு விடை "யூ ஆர் ரிக்வெஸ்டட் டு குளோஸ் தி டோர்." இதில் செயப்பாட்டு வினையாக மாறியது எது? ரிக்வெஸ்ட். அந்த வினை கேள்வியில் இருந்ததா? இல்லை. புதிதாக இறக்குமதி ஆனது. கேள்வியில் இருந்த 'குளோஸ்' என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. கதவு அன்றும் செயப்படுபொருள், இன்றும் செயப்படுபொருள். மாற்றச் சொன்ன வினையை மாற்றாமல், வெளியூரிலிருந்து ஒரு வினையை அழைத்துவந்து அதற்கு வேஷம் போட்டு மேடை ஏற்றிவிட்டோம்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. எந்தச் செயப்பாட்டு வாக்கியத்தையும் திரும்பச் செய்வினை ஆக்கினால் பழைய வாக்கியம் கிடைக்க வேண்டும். "யூ ஆர் ரிக்வெஸ்டட் டு குளோஸ் தி டோர்" என்பதைத் திருப்பிப் போடுங்கள். "ஐ ரிக்வெஸ்ட் யூ டு குளோஸ் தி டோர்" வரும். "பிளீஸ் குளோஸ் தி டோர்" வராது. போன வழியில் திரும்ப முடியவில்லை என்றால் போன இடம் வேறு ஊர் என்று அர்த்தம். இந்தச் சோதனையை எட்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யலாம். வினாத்தாள் குழு செய்ததாகத் தெரியவில்லை.

உச்சகட்டம் இனிமேல்தான். "ஸ்டாண்ட் அப்." இதில் செயப்படுபொருளே இல்லை. செயப்படுபொருள் இல்லாத வினைக்குச் செயப்பாட்டு வடிவம் இல்லை என்று அதே பாடத்தின் ஆரம்பத்தில்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நாலு பக்கம் தள்ளினால் "ஸ்டாண்ட் அப்" என்பதை வாய்ஸ் மாற்று என்கிறார்கள். விடை, "யூ ஆர் ஆர்டர்டு டு ஸ்டாண்ட் அப்." முதல் பக்கத்தில் சட்டம் போட்டவனே நாலாவது பக்கத்தில் அதை மீறுகிறான். தண்டனை மட்டும் மாணவனுக்கு.

இதில் ஜோசியமும் உண்டு. "வொர்க் ஹார்டு" என்றால் 'அட்வைஸ்டு' போட வேண்டும். "கெட் அவுட்" என்றால் 'ஆர்டர்டு'. "டோன்ட் ஸ்மோக் ஹியர்" என்றால் 'ஃபர்பிடன்', இன்னொரு கைடில் 'வார்ன்டு'. சொன்னவர் யார், எந்த முகத்தோடு சொன்னார், கையில் பிரம்பு இருந்ததா என்று எதுவும் கேள்வியில் இல்லை. இரண்டு மூன்று சொல் கொடுத்துவிட்டு, சொன்னவரின் மனநிலையைக் கண்டுபிடி என்கிறார்கள். அப்பா "வொர்க் ஹார்டு" என்று கத்தினால் அது அறிவுரையா, உத்தரவா, மிரட்டலா? எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தெரியும். கைடுக்குத் தெரியாது.

கிணற்றில் விழுந்தவன் "ஹெல்ப் மீ" என்று அலறுகிறான் என்று வையுங்கள். நம் திட்டப்படி அவன் "லெட் மீ பி ஹெல்ப்டு" என்று அலற வேண்டும். கொஞ்சம் மரியாதை தெரிந்தவனாக இருந்தால் "யூ ஆர் ரிக்வெஸ்டட் டு ஹெல்ப் மீ" என்று ஆரம்பிப்பான். முடிப்பதற்குள் தண்ணீர் மூக்குக்கு வந்துவிடும். 2 மதிப்பெண் மட்டும் மிதக்கும்.

இந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்கக்கூடும். இந்தியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக இலக்கண வேதமாக இருக்கும் நூல் ரென் - மார்ட்டின். 'லெட்' சூத்திரம் அதிலும் இருக்கிறது. அந்த ரென் யார் தெரியுமா? பி.சி. ரென். இந்தியக் கல்வித் துறையில் வேலை பார்த்த ஆங்கிலேயர். உலகம் அவரை இலக்கணத்துக்காக நினைவில் வைத்திருக்கவில்லை. 1924-ல் அவர் எழுதிய 'போ ஜெஸ்ட்' நாவலுக்காகத்தான் வைத்திருக்கிறது. பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றிய சாகசக் கதை. பாலைவனம், கோட்டை, துப்பாக்கி, முரட்டு சார்ஜன்ட். எதிரி சூழ்ந்து நிற்கும்போது ஒரு சார்ஜன்ட் தன் படையிடம் "லெட் தி கன்ஸ் பி ஃபயர்டு" என்பாரா? சொல்லியிருந்தால் கோட்டை மூன்றாம் பக்கத்திலேயே விழுந்திருக்கும், நாவல் விற்றிருக்காது. நாவல்காரர் ரென்னுக்கு மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று நன்றாகத் தெரியும். அவருடைய நாவலை அவர் ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நமக்குச் சூத்திரம் மிஞ்சியது. வெள்ளைக்காரன் விட்டுப்போன பாலங்களைப் பராமரிக்கக் காசு இல்லை என்போம். சூத்திரத்தை மட்டும் வருஷா வருஷம் வெள்ளை அடித்துக் காப்பாற்றுவோம்.

சரி, கேள்வி வாக்கியங்களுக்குப் போவோம். இங்கே எனக்குச் சிரிப்பு குறைகிறது. கட்டளைப் பகுதி வெறும் வீண். இங்கே நடப்பது களவு. பிள்ளைக்கு நிஜமாகவே தேவைப்படும் ஒன்றைக் காட்டி, அதைக் கெடுத்துக் கொடுக்கிறார்கள்.

கேள்வியைச் செயப்பாட்டு வினையில் கேட்பது ஆங்கிலத்தில் தினசரி நடப்பது. ரயில் தாமதமானால், விண்ணப்பம் காணாமல் போனால், காசு வராவிட்டால் அப்படித்தான் கேட்டாக வேண்டும். அதைக் கட்டுவதில் ஒரு நியாயமான முறையும் இருக்கிறது. "டிட் தி கிளார்க் சைன் தி ஃபார்ம்?" என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் கேள்வியைக் கழற்றிச் செய்தி வாக்கியம் ஆக்க வேண்டும். "தி கிளார்க் சைன்டு தி ஃபார்ம்." அதைச் செயப்பாட்டு ஆக்கினால் "தி ஃபார்ம் வாஸ் சைன்டு பை தி கிளார்க்." இப்போது 'வாஸ்' என்பதைத் தூக்கி முன்னால் வைத்தால் வேலை முடிந்தது. "வாஸ் தி ஃபார்ம் சைன்டு பை தி கிளார்க்?"

இதில் 'டிட்' எங்கே போயிற்று? நம் பிள்ளைகள் சறுக்கும் இடம் இதுதான். "டிட் தி ஃபார்ம் வாஸ் சைன்டு" என்று எழுதுவார்கள். விடைத்தாளில் சிவப்பு விழும். ஏன் தப்பு என்று யாரும் சொல்வதில்லை. காரணம் எளிது. ஆங்கிலத்தில் இந்த மாதிரிக் கேள்வி கேட்கத் துணைவினை ஒன்று முன்னால் வந்து நிற்க வேண்டும். "சைன்டு" என்ற வினைக்குத் துணைவினை கிடையாது. அதனால் 'டூ'வைக் கூலிக்கு அமர்த்துகிறார்கள். அதன் வேலை முன்னால் நிற்பது மட்டும். செயப்பாட்டு ஆக்கியவுடன் 'வாஸ்' என்ற சொந்தத் துணைவினை வந்துவிடுகிறது. சொந்த ஆள் வந்தபின் கூலியாள் எதற்கு? 'டிட்' வீட்டுக்குப் போகிறது. அவ்வளவுதான். ஒரு பீரியட் போதும். இதைப் புரிந்துகொண்ட பிள்ளை அந்தத் தப்பை மறுபடி செய்யாது.

என்ன நடத்துகிறார்கள்? ஒரு பட்டியல். 'டூ' வந்தால் 'ஆர்', 'டஸ்' வந்தால் 'இஸ்', 'டிட்' வந்தால் 'வாஸ்' அல்லது 'வேர்'. மனப்பாடம் செய். "டூ யூ லைக் டீ?" என்பதற்குப் பிள்ளை பட்டியலைப் பார்த்து 'ஆர் டீ' என்று எழுதுகிறது. புது எழுவாய் டீ, அது ஒருமை, அதனால் 'இஸ்' என்று பட்டியல் சொல்லாது. பட்டியலை நம்பிக் கெட்ட பிள்ளைக்கு மறுபடியும் பூஜ்யம்.

சரியாகவே எழுதினாலும் என்ன கிடைக்கிறது? "இஸ் டீ லைக்டு பை யூ?" விருந்தாளியிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். அவர் டீ குடிக்காமலே எழுந்து போய்விடுவார். "வாட் டூ யூ வான்ட்?" என்பது "வாட் இஸ் வான்டட் பை யூ?" ஆகிறது. கல்லாவில் நிற்கிறவர் அப்படிக் கேட்டால் கடையைப் பேய் பிடித்திருக்கிறது என்று நினைக்கலாம். செய்தவர் தெரியாதபோது, அல்லது முக்கியம் இல்லாதபோது பயன்படும் கருவியை எடுத்து, எதிரே நிற்கிறவரிடமே "உன்னால் விரும்பப்படுகிறதா" என்று கேட்கப் பழக்குகிறோம். நானும் நீயும் செய்தவர்களாக இருந்தால் 'பை மீ', 'பை யூ' என்று பின்னால் கட்டித் தொங்கவிடும் அவசியம் அநேகமாக வருவதே இல்லை. இந்த ஒரு செய்தி தெரிந்தாலே பாதிக் கேள்வித்தாள் குப்பைக்குப் போகும். அதனால்தான் சொல்வதில்லையோ என்னவோ.

'ஹூ' கேள்வியில் நடக்கும் அநியாயம் தனி. "ஹூ புரோக் தி கிளாஸ்?" என்பதற்குக் கைடு தரும் ஒரே விடை "பை ஹூம் வாஸ் தி கிளாஸ் புரோக்கன்?" அது சரியான விடைதான், மறுக்கவில்லை. நீதிமன்றத்துக்குக் கோட்டு போட்டுப் போகிற ஆங்கிலம். ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் வாயில் சாதாரணமாக வரும் செயப்பாட்டு வடிவம் "ஹூ வாஸ் இட் புரோக்கன் பை?" புத்தகத்தைக் காட்டி "ஹூ வாஸ் திஸ் ரிட்டன் பை?" என்றுதான் கேட்பார்கள். இதை ஒரு பிள்ளை படம் பார்த்தோ, வெளிநாட்டு மாமாவிடம் கேட்டோ கற்றுக்கொண்டு தேர்வில் எழுதினால் கைடோடு ஒத்துப்போகாது. சிவப்பு. மொழியைக் கற்றவன் தோற்றான், கைடைக் கற்றவன் ஜெயித்தான்.

இதற்கு எதிரே ஒரு பிள்ளைக்கு வாழ்க்கையில் தேவைப்படும் செயப்பாட்டுக் கேள்விகளை வைத்துப் பாருங்கள். "ஹாஸ் மை ஸ்காலர்ஷிப் பீன் கிரெடிட்டடு?" வங்கிக் கவுன்ட்டரில் கேட்க வேண்டியது. "வாஸ் மை அப்ளிகேஷன் ரிஜெக்டடு?" கல்லூரி அலுவலகத்தில். "வாஸ் எனிவன் ஹர்ட்?" விபத்து நடந்த இடத்தில். "வென் வில் வீ பி பெய்டு?" சம்பளம் தராத கம்பெனியில். ஒன்றிலாவது 'பை' இருக்கிறதா? ஒன்றையாவது செய்வினையிலிருந்து மாற்றிக் கொண்டுவர வேண்டியிருக்கிறதா? ஸ்காலர்ஷிப்பை வரவு வைத்த குமாஸ்தாவின் பெயர் யாருக்கு வேண்டும்? வந்ததா, வரவில்லையா? அதுதான் கேள்வி. செயப்பாட்டு வினை பிறந்ததே இதற்குத்தான்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் படித்த பெண், "பை ஹூம் வாஸ் தி கிளாஸ் புரோக்கன்" என்று நூற்றுக்கு நூறு எழுதியவள், வங்கிக் கவுன்ட்டரில் வடநாட்டு அதிகாரி முன்னால் "சார், மை ஸ்காலர்ஷிப்… மணி… கம்?" என்று தடுமாறுகிறாள். அவர் சலித்துக்கொள்கிறார். அவள் தலைகுனிகிறாள். அந்தத் தலைகுனிவுக்குக் காரணம் அவளுடைய மூளை இல்லை. அவளுக்கு வேண்டிய வாக்கியத்தின் எலும்பை எடுத்து, வருஷக்கணக்கில் அவளைக் கண்ணாடி உடைத்தவனைத் தேட வைத்தவர்கள்தான் காரணம்.

ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை. அவருக்குத் தேர்ச்சி விகிதம் காட்ட வேண்டும். ஒரு மதிப்பெண் குறைந்தால் மேலே விளக்கம் கேட்பார்கள். கேள்வி வருகிற வரைக்கும் அவர் நடத்தித்தான் ஆக வேண்டும். கேள்வி ஏன் வருகிறது? திருத்தச் சுலபம். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களை அள்ளி வைத்துத் திருத்தும் முகாமில், சூத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு பார்வை போதும். பிள்ளை தானாக நாலு வரி எழுதினால் அதைப் படிக்க வேண்டும், யோசிக்க வேண்டும், இரண்டு ஆசிரியர் இரண்டு மதிப்பெண் போடுவார்கள். எஸ்.எஸ்.சி.க்கு அந்தத் தொல்லையும் இல்லை. நாலு விடையில் ஒன்றைத் தொடு, மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும். ஆக, இந்த வாக்கியங்கள் பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்டவை அல்ல. திருத்துகிறவர்களின் வசதிக்காக உருவாக்கப்பட்டவை. ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்ப்பதைவிடப் பதிவேடு எழுதுவது சுலபம் என்பதால் பதிவேட்டுக்கே மருந்து கொடுக்கிற நிர்வாகம் இது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பாடத்துக்கு ஒரு இடத்தில் மட்டும் அமோக உபயோகம் உண்டு. அரசாங்கத்தில். "சாலை அமைக்கப்படும்." யாரால்? செய்பவர் இல்லை. "ஆவன செய்யப்படும்." யார் செய்வார்? தெரியாது. "பொதுமக்கள் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." கேட்டுக்கொள்கிறவர் எங்கே? வீட்டுக்குப் போய்விட்டார். "யூ ஆர் ரிக்வெஸ்டட்" என்ற வாக்கியம் வாழ்கிற ஒரே நிலம் அறிவிப்புப் பலகை. நம் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுத் தரவில்லை. பலகையின் கீழே நிற்கக் கற்றுத் தருகிறோம்.

கோப்பு மேலே போகிறது. "லெட் தி ஃபைல் பி மூவ்டு" என்று ஒருவர் எழுதுகிறார். யார் நகர்த்துவது என்று எழுதவில்லை, கோப்பு நகரவில்லை. "லெட் தி மேட்டர் பி என்கொயர்டு இன்டு" என்று இன்னொருவர் எழுதுகிறார். விசாரிப்பது யார்? கதவு தானாக மூடிக்கொண்டால் அதுவும் தானாக நடக்கும்.

இந்தச் சூத்திரத்தை வைத்துக் கேட்க ஒரே ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. "பை ஹூம் வாஸ் தி மணி ஈட்டன்?" பாலம் திறந்து ஒரு மழை முடிவதற்குள் விரிசல் விடும்போதும், பள்ளிக் கட்டடத்தின் கூரை பிள்ளைகள் தலைமேல் பெயர்ந்து விழும்போதும் கேட்க வேண்டியது. அது எந்த வினாத்தாளிலும் வராது. செய்தவர் சிக்கிக்கொள்வார்.

வினாத்தாள் தயாரிக்கும் பெரியோர்களே, அடுத்த தாளில் வாய்ஸ் மாற்றும் கேள்வியை எடுத்துவிட்டு வேறொரு கேள்வி போடுங்கள். 'உன் உதவித்தொகை இன்னும் வரவில்லை. வங்கி மேலாளரிடம் ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி கேள்.' திருத்தக் கொஞ்சம் நேரம் ஆகும். ஆகட்டும். அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.